வீட்டில் இரண்டு நாள், ஆபீசில் மூன்று நாள்: மெமோவில் எழுதாமல் விட்டால் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

கேள்வி: பினாங்கில் 18 பேர் கொண்ட சாஃப்ட்வேர் சர்வீஸ் கம்பெனி நடத்துகிறோம். வாரம் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு என்று மெமோ போடப் போகிறோம். சப்போர்ட் டீமில் ஆறு பேர், சம்பளம் 4,000 வெள்ளிக்குள். ஜெர்மனி கஸ்டமருக்காக இரவிலும் உட்காருகிறார்கள். ஒருவர் சுங்கை பட்டாணியிலிருந்து வருகிறார். நெட்டில் கிடைத்த மாதிரி மெமோவில் பெயரை மாற்றிப் போட்டால் போதாதா?

பதில்:

போதாது. அந்த மாதிரிகளில் பெரும்பாலானவை வேறு நாட்டுச் சட்டத்தை மனதில் வைத்து எழுதியவை. லேப்டாப்புக்கு ஒரு பக்கம், வீடியோ மீட்டிங்கில் கேமரா போடுவதற்கு ஒரு பக்கம் இருக்கும். வேலை நேரத்துக்கு "நெகிழ்வான நேரம் அனுமதிக்கப்படும்" என்று ஒரே ஒரு வரி இருக்கும். உங்கள் கம்பெனிக்குப் பணம் போகிற ஓட்டை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதனால் நேரத்தைப் பற்றி நீளமாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். 1955 வேலைச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் 1.1.2023 முதல் நடப்பில் உள்ளது. அதில் புதிதாக வந்த 60பி, 60கியூ பிரிவுகளின்படி எந்த ஊழியரும் வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். விண்ணப்பம் கைக்கு வந்த 60 நாளுக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வேண்டும். எதுவானாலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று இங்கே பார்ப்பதில்லை.

நீங்கள் போடப்போகும் மூன்றுக்கு இரண்டு ஏற்பாடு இதுவல்ல. அது கம்பெனி தானாகத் தருவது. "எங்களிடம் ஏற்கெனவே ஹைப்ரிட் இருக்கிறது, இனி யாரும் தனியாகக் கேட்கக் கூடாது" என்று மெமோவில் எழுதினால் சட்டம் கொடுத்த வழியை நீங்கள் அடைப்பதாக ஆகும். அந்த வரி நிற்காது. மெமோவில் இரண்டையும் பிரித்துவிடுங்கள். முதல் பகுதியில் எல்லோருக்குமான ஏற்பாடு. இரண்டாம் பகுதியில், இதற்கு மேல் மாற்றம் வேண்டுவோர் யாரிடம் எழுதிக் கொடுப்பது, வந்த தேதியை யார் பதிவது, யார் முடிவெடுப்பது. சின்னக் கம்பெனிகளில் இது வாட்ஸ்அப்பில் "பாஸ், இனி மூன்று நாள் வீட்டில இருக்கலாமா?" என்று வரும், "பார்க்கலாம்" என்று பதில் போகும், பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். 60 நாள் ஓடிவிடும். அதனால் விண்ணப்பத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியை மெமோவில் குறிப்பிட்டு, 30 நாளில் பதில் என்று உங்களுக்கு நீங்களே கெடு வைத்துக்கொள்வது நல்லது.

இனி நேரம். அந்தத் திருத்தம் வாராந்திர உச்ச வரம்பை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஆட்கள் வாரம் 40 மணிதான் என்பதால் கவலையில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 60ஏ பிரிவில் வேறு வரம்புகளும் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் குறைந்தது 30 நிமிட ஓய்வு. அதோடு, அன்றைய வேலை முழுவதும், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து, 10 மணி நேரப் பரப்புக்குள் முடிய வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்யும்போது முதலில் உடைவது இந்தப் பத்து மணிப் பரப்புதான்.

உங்கள் சப்போர்ட் டீமில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் 3,800 வெள்ளி. காலை 9 மணிக்கு லாகின், மதியம் ஒரு மணி நேரச் சாப்பாடு, மாலை 6 மணிக்கு முடிக்கிறார். எட்டு மணி நேரம் சரியாகப் போயிற்று. பிறகு குளித்து, சாப்பிட்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரவு 9 மணிக்கு ஜெர்மனி அழைப்பில் உட்கார்ந்து 11 மணிக்கு எழுகிறார். எத்தனை மணி நேரம் ஓவர்டைம்?

பலரும் இரண்டு என்பார்கள். சட்டம் நான்கு என்கிறது. 9 மணிக்குத் தொடங்கிய பத்து மணிப் பரப்பு இரவு 7 மணிக்கு முடிகிறது. அதற்குப் பிறகு வேலை நடந்தால், பரப்பு முடிந்த நேரத்திலிருந்து அன்றைக்கு அவர் வேலையை நிறுத்தும் நேரம் வரை முழுவதையும் ஓவர்டைமாகக் கொள்ள வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. 7 முதல் 9 வரை அவர் வீட்டு வேலை பார்த்தாலும் அந்த இரண்டு மணி நேரமும் கணக்கில் வரும்.

பணமாகப் பாருங்கள். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 146.15 வெள்ளி. அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 18.27. ஒன்றரை மடங்கு 27.40. அப்படி ஓர் இரவுக்கு நான்கு மணி நேரம் என்றால் 109.62 வெள்ளி. வாரம் மூன்று இரவு, நான்கு வாரம், ஆகப் பன்னிரண்டு இரவு: 1,315.38 வெள்ளி. இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் 657.69. அதாவது பாதிதான் கொடுத்திருக்கிறீர்கள். ஆறு பேருக்கு ஒரு வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது தொழிலாளர் இலாகாவில் கேட்டால், மீதி ஐவருடைய கணக்கும் கூடவே மேசைக்கு வரும்.

"ஊழியரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்" என்பது இங்கே உதவாது. 60பி பிரிவே வேலை நேரம், ஓய்வு நாள் பற்றிய பன்னிரண்டாம் பாகத்துக்கு உட்பட்டது. சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் ஒப்பந்த வரி செல்லாது. நெகிழ்வான நேரம் என்று பெயர் வைத்தாலும் பத்து மணிப் பரப்பு அப்படியேதான் இருக்கும்.

4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கும் மற்ற பன்னிரண்டு பேருக்கு ஓவர்டைம் பணம் தரவேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆனால் வேலை நேர வரம்புகளிலிருந்து விலக்கு இல்லை. எட்டு மணி, பத்து மணி, 45 மணி வரம்புகள் அவர்களுக்கும் உண்டு. மானேஜர்களைப் பதினான்கு மணி நேரம் ஆன்லைனில் வைக்கலாம் என்று இதைப் படித்துவிட வேண்டாம்.

தீர்வு, நேரத்தை நகர்த்துவது. கோடையில் ஜெர்மனி நமக்கு ஆறு மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர்களுடைய காலை 9 நமக்கு மதியம் 3, அவர்களுடைய மாலை 5 நமக்கு இரவு 11. ஆகவே அழைப்பு இருக்கும் நாளில் அந்த ஊழியர் மதியம் 2 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்கு முடிக்கட்டும். நடுவில் ஒரு மணி நேர ஓய்வு. வேலை எட்டு மணி, பரப்பு ஒன்பது மணி, ஓவர்டைம் இல்லை. அவர்கள் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் வித்தியாசம் ஏழு மணியாகும். மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி ஆறாகும். இதை மெமோவில் எழுதாவிட்டால் அக்டோபர் வந்ததும் எல்லோரும் பழைய நேரத்துக்கே தொடங்கி, முடிப்பதை மட்டும் நள்ளிரவுக்குத் தள்ளுவார்கள். அப்போது வேலை ஒன்பது மணியாகி ஒரு மணி நேர ஓவர்டைம் வந்துவிடும், பரப்பும் சரியாகப் பத்து மணியில் வந்து நிற்கும். அதன் பிறகு ஐந்து நிமிடம் பேசினாலும் ஓவர்டைம்தான்.

மெமோவில் இந்தப் பகுதி ஏறக்குறைய இப்படி வரலாம்:

"வழக்கமான வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை, உணவு இடைவேளை மதியம் 1 முதல் 2 வரை. கஸ்டமர் அழைப்பு அட்டவணையில் பெயர் உள்ள நாளில் வேலை நேரம் மதியம் 2 முதல் இரவு 11 வரை. இடைவேளை மாலை 6.30 முதல் 7.30 வரை. ஜெர்மனியில் குளிர்கால நேரம் நடப்பில் உள்ள மாதங்களில் தொடக்கம், இடைவேளை, முடிவு மூன்றும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். அட்டவணை முந்தைய வியாழக்கிழமைக்குள் வெளியாகும். இந்த நேரத்துக்கு வெளியே மேற்பார்வையாளர் வேலை கொடுத்தால், அது போனிலோ செய்தியிலோ இருந்தாலும், ஓவர்டைம் அனுமதி கொடுத்ததாகக் கொள்ளப்படும். அவர் அன்றே அதைப் பதிவு செய்ய வேண்டும்."

கடைசி வரியைப் பார்த்தால் முதலாளிக்குக் கொஞ்சம் கசக்கும். "முன் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் இல்லை" என்று எழுதத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் இரவு பத்தரைக்கு டீம் லீடர் "இந்த டிக்கெட்டைக் கொஞ்சம் பார்த்திடு" என்று அனுப்பிய செய்தி போனில் இருக்கும்போது அந்த வரியை யார் நம்புவார்கள்? பொறுப்பை வேலை கொடுப்பவர் தலையில் வைத்தால்தான் தேவையில்லாத செய்திகள் நிற்கும். நேரப் பதிவேட்டைக் குறைந்தது ஆறு வருடம் காட்டக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டியதும் உங்கள் கடமை. லாகின் லாகவுட் விவரத்தை மாதா மாதம் ஒரு கோப்பாக இறக்கிச் சேமியுங்கள். சாஃப்ட்வேர் சந்தாவை நிறுத்தியதும் பழைய பதிவும் சேர்ந்து போய்விடுவது சகஜம்.

அடுத்தது இடம். "வீடு" என்றால் எது? பட்டர்வொர்த்தில் வாடகை அறை, ஈப்போவில் அம்மா வீடு, பாயான் பாருவில் ஒரு காப்பிக் கடை எல்லாம் வீடாகிவிடும். ஒவ்வொருவரும் ஒரு முகவரியை எழுத்தில் பதிவு செய்யட்டும். வேறிடத்தில் இருக்கப் போகிற நாளில் வேலை தொடங்குமுன் ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

இது கண்காணிப்புக்காக இல்லை, சொக்சோவுக்காக. வேலையால், வேலையின்போது நேர்ந்த விபத்து என்று காட்டினால்தான் வேலை விபத்துச் சலுகை கிடைக்கும். வீட்டில் அதைக் காட்ட நேரமும் இடமும் பதிவில் இருக்க வேண்டும். 1969 சட்டத்தின் 24-ஆம் பிரிவு பயண விபத்துகளையும் சேர்க்கிறது: வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணம், அனுமதித்த இடைவேளையில் வேலையிடத்திலிருந்து சாப்பிடப் போய்வரும் பயணம். வழி மாறியோ நடுவில் வேறு வேலையாக நின்றோ இருந்தால் சிக்கல். "அனுமதித்த இடைவேளை" என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டிலிருக்கும் நாளில் மதியம் 1.15-க்கு மோட்டார் சைக்கிளில் நாசி கண்டார் வாங்கப் போனவர் விழுந்தால், 1 முதல் 2 வரை இடைவேளை என்று மெமோவில் இருந்தால் பேச ஓர் ஆதாரம் உண்டு. "விரும்பிய நேரத்தில் சாப்பிடலாம்" என்று தாராளமாக எழுதியிருந்தால் அந்த ஆதாரம் இல்லை. சொக்சோ ஒவ்வொரு சம்பவத்தையும் தனியாகத்தான் பார்க்கும்; குறைந்தது மெமோ ஊழியருக்கு எதிராக நிற்காமல் இருக்கட்டும். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே ஊழியர் அதே நாளில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றும் சேருங்கள்.

சுங்கை பட்டாணிக்காரர் தனிக் கதை. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. அவருடைய பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி. அவர் ஞாயிறு வேலை செய்து வெள்ளி விடுப்பு எடுக்க விரும்பினால், அது வேலை நாளை மாற்றும் விண்ணப்பம். மேலே சொன்ன 60 நாள் வழியில் போக வேண்டியது. பொது விடுமுறை இதைவிட நுணுக்கம். கட்டாயமான ஐந்து விடுமுறைகளில் ஒன்று மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள். எந்த மாநிலம்? ஒப்பந்தப்படி ஊழியர் முழுமையாகவோ பெரும்பாலுமோ வேலை செய்யும் மாநிலம் என்கிறது 60டி பிரிவு. வாரம் மூன்று நாள் பாயான் லெப்பாஸ் ஆபீசுக்கு வருகிறார் என்றால் அது பினாங்கு. ஆளுநர் பிறந்தநாள் அவருக்கும் விடுமுறை. அவருக்குப் பாவம் பார்த்து, பாலத்து நெரிசலை நினைத்து, நான்கு நாள் வீட்டிலிருக்கச் சொன்னால் அவர் பெரும்பாலும் கெடாவில் வேலை செய்பவர் ஆகிறார். கெடா சுல்தான் பிறந்தநாளை அவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. எனவே மெமோவில் "அனைவருக்கும் பினாங்கு ஆபீசின் விடுமுறைப் பட்டியல் பொருந்தும், வாரம் மூன்று நாளோ அதற்கு மேலோ வேறு மாநிலத்தில் வேலை செய்ய அனுமதி பெற்றவருக்குத் தனிக் கடிதம் தரப்படும்" என்று ஒரு வரி. பட்டியலை வருடம் பிறக்குமுன் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வீட்டிலிருப்பவர்களுக்கு அதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

"இந்தியாவுக்கு ஒரு மாதம் போகிறேன், அங்கிருந்தே வேலை செய்கிறேன்" என்பது எப்படியும் வரும், கல்யாணமோ கோயில் யாத்திரையோ. சுற்றுலா விசா வேலைக்கானது இல்லை. கஸ்டமர் ஒப்பந்தத்தில் தரவு எந்த நாட்டுக்கு வெளியே போகக் கூடாது என்ற விதியும் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வேலை இல்லை, விதிவிலக்குக்கு எழுத்தில் அனுமதி என்று முடித்துவிடுங்கள்.

கணினி பற்றி மாதிரி மெமோக்கள் நிறையவே சொல்லும். அவை சொல்லாத ஒன்று: தொலைந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்வது. 1.6.2025 முதல் தனிநபர் தரவுக் கசிவை ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமை தரவைக் கட்டுப்படுத்தும் நிறுவனத்துக்கு வந்திருக்கிறது. ஐரோப்பிய விதியிலும் அதே 72 மணி. நீங்கள் கஸ்டமருக்காகத் தரவைக் கையாள்பவர். உங்கள் ஊழியர் வெட்கப்பட்டு வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை மறைத்தால் கஸ்டமருக்குத் தகவல் போவதும் அவ்வளவு தாமதமாகும். "லேப்டாப் காணாமல் போனதை உணர்ந்த ஒரு மணி நேரத்துக்குள், நள்ளிரவானாலும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்; உடனே சொன்னவர் மீது அதற்காக ஒழுங்கு நடவடிக்கை இல்லை" என்று எழுதுங்கள். இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதி வேலை செய்யாது.

டிஸ்க் குறியாக்கத்தைச் சொல்லளவில் விடாமல், மாதம் ஒருமுறை ஒவ்வொருவரும் இதை ஓட்டி ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பட்டும். விண்டோசில் நிர்வாகி உரிமையோடு:

```
manage-bde -status C:
```

மேக்கில்:

```
fdesetup status
```

விண்டோசில் `Percentage Encrypted: 100.0%` என்பதைப் பார்த்துத் திருப்தியாகிவிடக் கூடாது. கீழே `Protection Status` வரியில் `Protection On` இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் அப்டேட்டுக்காக நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி இயக்க மறந்தால் நூறு சதவீதமும் `Protection Off`-உம் ஒன்றாக நிற்கும். அந்த நிலையில் பூட்டும் சாவியும் ஒரே இடத்தில் இருப்பதாக அர்த்தம். மேக்கில் `FileVault is On.` என்று வரவேண்டும்.

இண்டர்நெட் செலவுக்கு மாதம் 100 வெள்ளி அலவன்ஸ் கொடுக்க நினைப்பீர்கள். நிலையான அலவன்ஸ் இபிஎஃப் கணக்கில் சம்பளமாகச் சேரும். 5,000 வெள்ளிக்குள் வாங்குபவருக்கு உங்கள் பங்கு 13 சதவீதம், அவர் பங்கும் பிடிபடும். பில்லைக் காட்டிப் பணம் திரும்பப் பெறும் முறையில் வைத்தால் இருவருக்கும் லாபம். மின்வெட்டு, லைன் துண்டிப்பு வந்தால் 30 நிமிடத்துக்குள் தகவல், இரண்டு மணி நேரத்தில் சரியாகாவிட்டால் ஆபீசுக்கு வருவது அல்லது ஆஃப்லைன் வேலைக்கு மாறுவது. சம்பளம் பிடிக்காதீர்கள், அதனால் வரும் கசப்பு மிச்சமாகும் தொகைக்குத் தகாது.

கடைசியாக, ஏற்பாட்டைத் திரும்பப் பெறும் வழி. வீட்டு நாளை வேலை நியமனக் கடிதத்தில் எழுதினால் அது ஒப்பந்தத்தின் பகுதி. பிறகு நீங்களாக எடுத்தால் "என்னை வெளியேறத் தள்ளினார்கள்" என்று வழக்கு வரலாம். மெமோவில் மட்டும் வைத்து, வேலையிடம் பினாங்கு ஆபீஸ் என்பது மாறவில்லை என்றும், 30 நாள் அறிவிப்போடு எல்லோருக்குமோ ஒரு குழுவுக்கோ நிறுத்தலாம் என்றும் எழுதுங்கள். முதல் ஆறு மாதம் சோதனை என்று தேதி போட்டு வையுங்கள். தேதி முடிந்த பிறகும் யாரும் எதுவும் சொல்லாமல் ஓடவிட்டால், இரண்டு வருடம் கழித்து அது சோதனை என்று நீங்கள் சொல்வதற்கு வலுவிருக்காது. முடிவு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே நீட்டிப்புக் கடிதத்தைத் தயார் செய்து வையுங்கள். ஒவ்வொருவரிடமும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கி, ஆறு சப்போர்ட் ஊழியர்களுக்கு மட்டும் வேலை நேர அட்டவணையையும் கூடவே இணைத்துக் கொடுங்கள்.